சொல்வளத்தை வைத்து ஆளை அடையாளம் காண முடியுமா? கோதையையும் பட்டர்பிரானையும் முன்வைத்து ஓர் ஆய்வு

ஆண்டாள் என்று ஒருவர் இருந்தாரா, அல்லது பெரியாழ்வாரே பெண்ணாக நின்று அந்தப் பாசுரங்களைப் பாடினாரா? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் கடந்த நூற்றாண்டு முழுக்க இலக்கிய வட்டத்தில் இது உலவிக்கொண்டுதான் இருந்தது. ராஜாஜியின் பெயர்கூட இதில் அடிபடுவதுண்டு. கேள்வியை அபத்தம் என்று தள்ளிவிடவும் முடியாது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடிய மரபு இது. பெரியாழ்வாரே யசோதையாக மாறிப் பாடியவர். மகளாக மாறியிருக்க முடியாதா என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கணினியில் நூல்களை ஏற்றி எண்ணத் தொடங்கிய காலத்தில், இப்படிப்பட்ட வழக்குகளுக்கு நடையளவையியல் தீர்ப்புச் சொல்லும் என்ற நம்பிக்கை வந்தது. அதில் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது சொல்வளம். ஒருவர் எத்தனை விதமான சொற்களைப் புழங்குகிறார் என்பது கைரேகையைப் போல அவருக்கே உரியது என்பது எண்ணம். அதை அளக்கும் எளிய கருவி டைப் டோக்கன் ரேஷியோ, தமிழில் வகை-வரவு விகிதம். ஒரு பனுவலில் மொத்தம் எத்தனை சொற்கள் வருகின்றன என்பது வரவு. அவற்றில் ஒன்றுக்கொன்று வேறான சொற்கள் எத்தனை என்பது வகை. வகையை வரவால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். 1944இல் அமெரிக்காவில் பேச்சுக் குறைபாடுகளை ஆராய்ந்த வெண்டல் ஜான்சன் இதைப் பரவலாக்கினார். கணக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். இவ்வளவு பரவியதற்கு அந்த எளிமையே காரணம், இவ்வளவு பேரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோனதற்கும் அதுவே காரணம்.

வத்திராயிருப்பு, மகாராஜபுரம், ராஜபாளையம் பக்கம் வளர்ந்தவர்களில் பலருக்கு மார்கழி ஒலிபெருக்கியின் புண்ணியத்தில் திருப்பாவை முப்பதும் மனப்பாடம். அதனால் இந்தக் கருவி எங்கே வழுக்குகிறது என்பதை அவர்கள் கணினி இல்லாமலே சரிபார்த்துவிடலாம். பாட்டின் கடைசி அடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். முப்பது பாசுரமும் 'எம்பாவாய்' என்று முடிகிறது. அதற்கு முன் 'ஏலோர்' வருகிறது. ஆனால் அது முப்பது முறை வருவதில்லை, இருபத்தொன்பது முறைதான். கடைசிப் பாசுரத்தில் 'இன்புறுவர்' என்ற சொல் நேரே 'எம்பாவாய்' என்பதோடு சேர்ந்துவிடுகிறது. ஆகவே முதல் இருபத்தொன்பது பாசுரங்களில் 'ஏலோர்' என்பதற்கு முன்னால் நிற்கும் சொல்லை மட்டும் வரிசையாக எழுதிப் பார்க்கலாம். படிந்து, உகந்து, நிறைந்து, மகிழ்ந்து, செப்பு, குளிர்ந்து, திற, அருள், நவின்று என்று அது போகும்.

முதல் ஒன்பதும் வேறு வேறு. பத்தாவதில் 'திற' மறுபடி வருகிறது. பத்துச் சொல்லில் ஒன்பது வகை, விகிதம் 0.90. இருபதாம் பாசுரம் வரை போனால் பதினாலும் பதினைந்தும் 'பாடு' என்றே முடிகின்றன, பதினெட்டில் 'மகிழ்ந்து' திரும்புகிறது. இருபது சொல்லில் பதினேழு வகை, விகிதம் 0.85. இருபத்தொன்பது வரை போனால் 'அருள்' மூன்று முறை, 'மகிழ்ந்து' மூன்று முறை, 'குளிர்ந்து' இரண்டு முறை வந்துவிட்டன. இருபத்தொன்பதில் இருபத்திரண்டு வகை, விகிதம் 0.76.

பாடியவர் ஒருவர். நூல் ஒன்று. பொருளும் யாப்பும் ஒன்று. ஆனாலும் விகிதம் 0.90இலிருந்து 0.76க்கு இறங்கிவிட்டது. பாடப் பாட ஆண்டாளின் சொல்வளம் வற்றியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். நடந்தது இவ்வளவுதான்: பாட்டு நீண்டது. ஒரு பனுவல் நீள நீள, புதிதாக வரும் ஒவ்வொரு சொல்லும் ஏற்கெனவே வந்த சொல்லாக இருக்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். வரவு ஒவ்வொன்றாக ஏறும், வகை தயங்கித் தயங்கித்தான் ஏறும். எல்லா மொழியிலும் எல்லா எழுத்தாளரிடமும் இது இப்படித்தான். ஷேக்ஸ்பியரின் ஆக்கங்கள் மொத்தத்தில் 8,84,647 சொல்வரவுகளும் 31,534 சொல்வகைகளும் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். விகிதம் 0.04க்கும் கீழே. பள்ளிக்கூடப் பையன் எழுதும் ஒரு பக்கக் கடிதத்தின் விகிதம் அதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும்.

இப்போது நம் வழக்குக்கு வருவோம். திருப்பாவை 30 பாசுரம். நாச்சியார் திருமொழி 143. பெரியாழ்வாரின் பங்கு, திருப்பல்லாண்டு பன்னிரண்டையும் சேர்த்து, 473. மூன்று கோப்புகளையும் அப்படியே கணினியில் போட்டு விகிதம் எடுத்தால், திருப்பாவை மேலேயும் நாச்சியார் திருமொழி நடுவிலும் பெரியாழ்வார் கீழேயும் வர நீளம் ஒன்றே போதும். அதைப் பார்த்து மகளின் சொல்வளம் தந்தையினதைவிடக் கூடுதல், ஆகவே இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்று கட்டுரை எழுதலாம். அந்தக் கட்டுரை நிரூபித்திருப்பது 473 என்பது 30ஐ விடப் பெரியது என்பதை மட்டும்தான்.

இந்தக் கோளாறு ஆய்வாளர்களுக்குத் தெரியாததல்ல. நீளத்தின் பாதிப்பைக் கழித்துவிடப் பல வாய்பாடுகள் வந்தன. பிரெஞ்சு அறிஞர் பியேர் கீரோ, வகையை வரவால் வகுக்காமல் வரவின் வர்க்கமூலத்தால் வகுக்கச் சொன்னார். நம் சொற்களில் அதைப் போட்டுப் பார்த்தால் பத்துச் சொல்லுக்கு 2.85, இருபதுக்கு 3.80, இருபத்தொன்பதுக்கு 4.09. பழைய அளவு இறங்கியது, இது ஏறுகிறது. அதாவது திருத்தம் அளவுக்கு மீறிவிட்டது. மடக்கையை வைத்தும் பலர் முயன்றார்கள். ஃபியோனா ட்வீடி, ஹரால்ட் பாயென் இருவரும் 1998இல் இப்படிப்பட்ட அளவுகளை வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள். மாறிலி என்று பெயர் வாங்கியவற்றில் பெரும்பாலானவை நீளத்தோடு சேர்ந்து நகர்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு மாறிலி எவ்வளவுதான் மாறலாம் என்று கேட்டிருந்தார்கள்.

ஓரளவு தாக்குப்பிடிப்பவை இரண்டு வழிகள். முதலாவது, நீளத்தைச் சமமாக வெட்டிக்கொள்வது. நம் வரிசையைப் பத்துப் பத்தாக வெட்டுவோம். முதல் பத்தில் ஒன்பது வகை. அடுத்த பத்திலும், தனியாக எண்ணினால், ஒன்பது வகை. மிச்சமுள்ள ஒன்பதில் எட்டு வகை. விகிதங்கள் 0.90, 0.90, 0.89. சற்றுமுன் சரிந்துகொண்டிருந்த கோடு இப்போது சமதரையாகிவிட்டது. ஒரே அகலமுள்ள சட்டத்தைச் சொல் சொல்லாக நகர்த்திக்கொண்டே போய்ச் சராசரி எடுப்பது இதன் மேம்பட்ட வடிவம். கவிங்டன், மக்ஃபால் இருவரும் 2010இல் அதை முறைப்படுத்தினார்கள். சட்டத்தின் அகலத்தை ஆய்வாளர்தான் தீர்மானிக்கிறார் என்பது அதிலுள்ள சிக்கல். நூறு சொல் அகலத்தில் கிடைத்த எண்ணை ஐந்நூறு சொல் அகலத்தில் கிடைத்த எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் அகலத்தைச் சொல்லாமலே எண்ணை மட்டும் தரும் கட்டுரைகளை இன்றும் பார்க்கிறோம்.

இரண்டாவது வழி உத்னி யூலுடையது. இவரும் 1944இல்தான் நூல் வெளியிட்டார். பையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சொற்களை எடுத்தால் இரண்டும் ஒரே சொல்லாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதே அவருடைய K அளவின் சாரம். அந்த வாய்ப்பைப் பத்தாயிரத்தால் பெருக்கிச் சொல்வார்கள். நம் வரிசையில் முதல் பத்துக்கு 200, இருபதுக்கு 150, முழு இருபத்தொன்பதுக்கு 214. இறங்கி ஏறுகிறதே தவிர, நீளத்தோடு ஒரே பக்கமாக ஓடவில்லை. யூல் இதைக் கொண்டு ஆராய்ந்தது 'கிறிஸ்து நாதர் அனுசாரம்' என்று தமிழில் அறியப்படும் லத்தீன் நூலை எழுதியவர் தாமஸ் அ கெம்பிஸா, ஜெர்சனா என்ற வழக்கை. அவர் அங்கே காட்டிய நிதானம் கவனிக்கத்தக்கது. எல்லாச் சொற்களையும் எடுக்காமல் பெயர்ச்சொற்களை மட்டும் எடுத்தார். மூன்று தரப்பிலிருந்தும் ஏறத்தாழ எட்டாயிரம் என்று ஒரே அளவில் எடுத்தார். தம் அளவு நீளத்துக்கு அசையாது என்று நம்பியவரே நீளத்தைச் சமமாக வைத்துக்கொண்டார்.

K அளவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அது தமிழ்ப் பாட்டில் பளிச்சென்று தெரியும். நான் இதுவரை 'ஏலோர்', 'எம்பாவாய்' இரண்டையும் விட்டுவிட்டே எண்ணினேன். அவற்றையும் சேர்த்தால் வரவு எண்பத்தேழு, வகை இருபத்துநான்கு. K அளவு 214இலிருந்து ஏறத்தாழ 2170க்குத் தாவிவிடும். பத்து மடங்கு! ஒரு பல்லவிச் சொல்லைச் சேர்ப்பதா விடுவதா என்ற ஒரே முடிவில், சொல்வளம் மிக்க கவிஞர் கூறியது கூறுபவராகிவிடுகிறார். பாவைப் பாட்டு என்றால் அப்படித்தான் முடியும். திருவெம்பாவையும் அப்படித்தான் முடிகிறது. அது மாணிக்கவாசகரின் குணமோ கோதையின் குணமோ இல்லை, அந்த வகைப் பாட்டின் இலக்கணம்.

இதற்கும் முன்னால் தீர்க்கவேண்டியது, சொல் என்று எதை எண்ணுவது என்பது. சீர் பிரித்து அச்சிட்ட பிரபந்தப் பதிப்பைத் திறந்தால் 'எம்பாவாய்' என்று தனியாக நிற்காது. முந்தைய சொல்லின் ஒற்றை இழுத்துக்கொண்டு 'ரெம்பாவாய்' என்று நிற்கும். 'ஏலோர்' உடைந்து, அதன் முற்பகுதி முன்னால் உள்ள சொல்லோடு ஒட்டி 'படிந்தேலோ', 'உகந்தேலோ' என்று ஆகியிருக்கும். இடைவெளியைச் சொல்லின் எல்லையாகக் கொள்ளும் கணினிக்கு இங்கே வரவு ஐம்பத்தெட்டு, வகை இருபத்துமூன்று, விகிதம் 0.40. பதம் பிரித்த பதிப்பைக் கொடுத்தால் வரவு எண்பத்தேழு, வகை இருபத்துநான்கு, விகிதம் 0.28. கவிஞர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, அச்சுக்கோத்தவர்தான் மாற்றினார். 'ஆராய்ந்தருளேலோ' என்பதைச் சீராக்கும்போது 'தருளேலோ' என்று ஒரு புதிய சொல் பிறந்துவிடும், வகை இன்னும் ஒன்று கூடும். இணையத்தில் கிடைக்கும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தக் கோப்புகளில் சந்தி பிரித்ததும் பிரிக்காததும் கலந்தே கிடக்கின்றன. மகளுக்கு ஒரு பதிப்பு, தந்தைக்கு வேறொரு பதிப்பு என்று எடுத்தால், கிடைக்கும் வேறுபாடு பதிப்பாசிரியர்களுடையது.

உரைநடையிலும் இதே தொல்லை உண்டு. கண்ணன், கண்ணனை, கண்ணனுக்கு, கண்ணனோடு என்று வேற்றுமை உருபு ஒட்டும்போதெல்லாம் கணினி புதிய வகை என்று எழுதிக்கொள்ளும். அதனால் தமிழ்ப் பனுவல்களின் விகிதம், அதே நீளமுள்ள ஆங்கிலப் பனுவலைவிடக் கூடுதலாகவே வரும். இதை வைத்துத் தமிழின் சொல்வளம் ஆங்கிலத்தைவிடப் பெரிது என்று மேடையில் பேசுவது கைதட்டலுக்கு உதவும், அவ்வளவுதான்.

நீளத்தையாவது வெட்டிச் சமன்செய்துவிடலாம். பொருளை அப்படிச் சமன்செய்ய முடியாது. அதனால் எனக்கு நீளத்தைவிடப் பொருள்தான் பெரிய தலைவலியாகத் தெரிகிறது. நாச்சியார் திருமொழியின் ஆறாம் திருமொழி, கல்யாண வீடுகளில் எல்லோரும் அறிந்த 'வாரணமாயிரம்', ஒரு கல்யாணத்தின் சடங்குகளை முறைப்படி சொல்லிக்கொண்டு போகிறது. பாட்டுக்குப் பாட்டு சடங்கு மாறுகிறது. தோரணம், பந்தல், காப்புக்கயிறு, மத்தளம், சங்கு, அம்மி, பொரி, குங்குமம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சாமான்கள், தனிச் சொற்கள். அதனால் பாட்டின் உடலில் வகை பெருகும். அதே சமயம் பாட்டுகள் கனாக்கண்டதைச் சொல்லும் ஒரே தொடரில் முடிவதால் கடைசியில் வகை சுருங்கும். மேகத்தைத் தூதுவிடும் எட்டாம் திருமொழியில் சாமான்களுக்கு வேலை இல்லை. மேகத்தை விளிப்பதும் மன்றாடுவதும் திரும்பத் திரும்ப வரும், வரவும் வேண்டும். இரண்டும் ஒரே கோதை பாடியவைதாம். இவற்றின் விகிதம் வேறுபட்டால் அதற்குக் காரணம், கல்யாணம் ஒரு பட்டியல், பிரிவு ஒரு புலம்பல் என்பதுதான்.

பெரியாழ்வாரிடமும் அப்படியே. பாதாதிகேசத் திருமொழியில் குழந்தைக் கண்ணனின் பாதத்தில் தொடங்கிக் குழல் வரைக்கும் ஒவ்வோர் உறுப்பாகக் காட்டிக்கொண்டு போகிறார். பாட்டுக்குப் பாட்டு புதிய உறுப்பு, புதிய சொற்கள். முடிவில் மட்டும் 'காணீரே' மாறாமல் நிற்கிறது. தாலாட்டிலும் சப்பாணிப் பருவத்திலும் திரும்பச் சொல்வதே பாட்டின் உயிர். குழந்தையைக் கைகொட்டச் சொல்லும் தாய் புதுப்புதுச் சொல்லாகத் தேடிக்கொண்டிருக்க மாட்டாள்.

யாப்பும் தன் பங்குக்கு இழுக்கிறது. திருப்பாவையில் பாசுரத்தின் எட்டு அடிகளும் ஒரே எதுகையில் தொடங்கும். முதல் பாசுரத்தில் அடிதோறும் முதற்சீரைப் பார்த்தால் தெரியும். எதுகை வேண்டும் என்பதற்காக அடியின் தலையில் புதுச்சொல் தேட வேண்டியிருக்கிறது, பல்லவி வேண்டும் என்பதற்காகப் பாட்டின் கடைசியில் பழைய சொல்லையே வைக்க வேண்டியிருக்கிறது. தலையில் விகிதம் ஏறுகிறது, வாலில் இறங்குகிறது. மொத்தத்தில் கிடைக்கும் எண் இந்த இரண்டு கட்டாயங்களும் செய்துகொண்ட சமரசம். கவிஞரின் சொந்தப் பழக்கம் அதில் எத்தனை பங்கு என்று பிரித்தெடுக்க அந்த எண்ணில் வழியே இல்லை.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வியின் வரிசையை மாற்ற வேண்டும். ஆண்டாளையும் பெரியாழ்வாரையும் ஒப்பிடுவதற்கு முன், பெரியாழ்வாரைப் பெரியாழ்வாரோடு ஒப்பிட வேண்டும். ஒரே பதிப்பு, ஒரே பதப்பிரிப்பு, பல்லவி நீக்கியது, ஒரே நீளத் துண்டுகள் என்று வைத்துக்கொண்டு, திருப்பல்லாண்டு, தாலாட்டு, பாதாதிகேசம், பின்னால் வரும் உபதேசப் பாசுரங்கள் ஆகியவற்றின் விகிதங்கள் எவ்வளவு தூரம் பரந்து கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும். தந்தைக்குள்ளேயே இருக்கும் அந்த அகலம், தந்தைக்கும் மகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் அந்த அளவு இந்த வழக்கில் சாட்சி சொல்லத் தகுதியற்றது. ஆண்டாள் பக்கமும் ஒரு சோதனை தயாராக இருக்கிறது. திருப்பாவையையும் நாச்சியார் திருமொழியையும் ஒருவரே பாடினார் என்பதைச் சந்தேகிப்பவர்கூட ஏற்பார். ஓர் அளவு இவ்விரண்டையும் இரண்டு பேருடையது என்று காட்டினால், தப்பு அளவில்தான்.

உலக அளவிலும் இந்தப் பக்கமே காற்று அடிக்கிறது. டேவிட் ஹூவர் 2003இல் ஆங்கில நாவல்களை வைத்துச் சோதித்து, ஒரே ஆசிரியரின் படைப்புகளுக்குள்ளேயே சொல்வளம் பெரிதும் மாறுவதால் அதை ஆசிரியர் அடையாளத்துக்கு நம்ப முடியாது என்று காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு ஜான் பரோஸ் முன்வைத்த டெல்டா முறை, சொல்வளத்தை விட்டுவிட்டு, அடிக்கடி வரும் சின்னச் சொற்களின் விகிதங்களைப் பார்த்தது. பொருளைச் சுமக்காத அந்தச் சொற்கள் கைபோன போக்கில் வருவதால், பொருள் மாறினாலும் அவை அவ்வளவாக மாறுவதில்லை. தமிழில் அந்த வேலையைப் பெரும்பாலும் ஏ, ஓ, உம், தான், கொல், மற்று போன்ற இடைச்சொற்கள் செய்கின்றன. அவற்றில் பாதி மற்ற சொற்களோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. பிரித்தெடுக்காமல் எண்ண முடியாது. மறுபடியும் பதப்பிரிப்பிடமே வந்து நிற்கிறோம்.

இந்த வழக்கை உண்மையாகவே எண்ணிப் பார்க்க விரும்புபவர்களுக்குப் பெரியாழ்வார் ஒரு வழி விட்டுவைத்திருக்கிறார். அவருடைய மூன்றாம் பத்தில் அடுத்தடுத்த இரண்டு திருமொழிகள், திருமாலிடம் மனம் பறிகொடுத்த மகளைப் பற்றித் தாய் சொல்வதாகவும், அவனோடு போய்விட்ட மகளை எண்ணித் தாய் ஏங்குவதாகவும் அமைந்தவை. காதல், பிரிவு, தாயும் மகளும் என்று நாச்சியார் திருமொழிக்கு மிக அருகில் வரும் பொருள். ஒப்பிடுவதென்றால் தாலாட்டை எடுக்காமல் இவற்றைத்தான் எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய இருபது பாசுரம். அதே அளவுக்கு நாச்சியார் திருமொழியிலிருந்து பல துண்டுகள் எடுத்து, ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு, துண்டுக்குத் துண்டு எண் எப்படி அலைகிறது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும். இருபது பாசுரத்தில் சில நூறு சொற்களே தேறும். அவ்வளவு சிறிய பரப்பில் ஆணித்தரமான முடிவு எதுவும் வராது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தொடங்குவது நல்லது.

அந்த வேலை நடக்கும்வரை, திருப்பாவையின் கடைசிப் பாசுரமும் நாச்சியார் திருமொழியின் முத்திரைப் பாசுரங்களும் தம்மைப் பாடியவள் வில்லிபுத்தூர்ப் பட்டர்பிரான் மகள் கோதை என்று சொல்வதே நம்மிடம் இருக்கும் வலுவான சான்று. அதை மறுக்க வருபவர் வேறு என்ன கொண்டுவந்தாலும் சரி, வகை-வரவு விகிதத்தைக் கொண்டுவரக் கூடாது. அதை நிலைநாட்ட வருபவருக்கும் இதே விதிதான்.